நடுவில் காணாமல் போகும் மூன்று

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் வரும் பக்கங்களை எட்டியதும் டியூஷன்களில் ஒரு பயிற்சித்தாள் கட்டாயம் கைக்கு வரும். இரண்டிரண்டு அணிகளாகக் கொடுத்து, AB காண்க என்று பத்துப் பன்னிரண்டு கணக்குகள் இருக்கும். நடுநடுவே, AB வரையறுக்கப்படுமா என்று ஒரு கேள்வியும் தலைகாட்டும். பிள்ளைகள் இதற்கு யோசிப்பதே இல்லை. 2×3 என்றும் 3×2 என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, உள்ளே நிற்கும் இரண்டு எண்களும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். ஒன்றாக இருந்தால் பெருக்கலாம். வெளியே நிற்கும் இரண்டு எண்களும் விடையின் வரிசை.

"ஒரு 2×3 அணியையும் இன்னொரு 2×3 அணியையும் பெருக்கலாமா?"

"முடியாது சார்."

"ஏன்? ரெண்டும் ஒரே அளவுதானே? கூட்டும்போது கூட்டினோமே?"

"உள்ள இருக்குற நம்பர் சேரல சார்."

பதில் சரிதான், மதிப்பெண்ணும் விழும். ஆனால் கேட்டது ஏன் என்று. வந்தது விதியின் மறுபதிப்பு. எண்கள் ஏன் சேரவேண்டும், சேராவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்பதைப் பயிற்சித்தாள் சொல்வதில்லை. அதில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற பெயர்கள் உரிக்கப்பட்டுவிட்டன. பெயர்களைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் விதி தானாகவே வெளியே வந்துவிடுகிறது. அதற்கு ஒரு தையல் கடையின் ஆர்டர் நோட்டு போதும்.

இரண்டு கல்லூரிகள் தங்கள் பயிற்சிப் பட்டறைக்குச் சீருடை தைக்கக் கொடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கல்லூரிக்கு 20 சட்டை, 15 பேண்ட், 10 கோட். இரண்டாவது கல்லூரிக்கு 25 சட்டை, 40 பேண்ட், 5 கோட். கல்லூரிக்கு ஒரு நிரை, உடுப்புக்கு ஒரு நிரல் என்று எழுதினால் இது 2×3 அணி. நிரை கிடையாகப் போவது, நிரல் மேலிருந்து கீழே இறங்குவது. இந்த அணிக்கு A என்று பெயர்.

```
A =  20  15  10
     25  40   5
```

கடையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு சட்டைக்கு 2 மீட்டர் துணி, 7 பட்டன். ஒரு பேண்டுக்கு 1 மீட்டர், 1 பட்டன். ஒரு கோட்டுக்கு 3 மீட்டர், 4 பட்டன். (கைக்கணக்குக்கு வசதியாக முழு எண்களாக வைத்திருக்கிறேன், தையல்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) உடுப்புக்கு ஒரு நிரை, பொருளுக்கு ஒரு நிரல். இது 3×2 அணி, B.

```
B =  2  7
     1  1
     3  4
```

முதல் கல்லூரிக்கு எவ்வளவு துணி வாங்கவேண்டும்? இதற்கு அணி தெரிந்திருக்க வேண்டியதில்லை. 20 சட்டைக்கு 40 மீட்டர், 15 பேண்டுக்கு 15 மீட்டர், 10 கோட்டுக்கு 30 மீட்டர். மொத்தம் 85 மீட்டர். கடையில் வேலை பழகும் பையன்கூட இதை வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவான்.

அவன் என்ன செய்தான் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். A-யின் முதல் நிரையில் கிடையாக நடந்தான்: 20, 15, 10. அதே நேரத்தில் B-யின் முதல் நிரலில் கீழே இறங்கினான்: 2, 1, 3. ஒவ்வோர் அடியிலும் ஒரு சோடி. சட்டையின் எண்ணிக்கையோடு சட்டைக்கான துணி, பேண்டின் எண்ணிக்கையோடு பேண்டுக்கான துணி, கோட்டின் எண்ணிக்கையோடு கோட்டுக்கான துணி. சோடிகளைப் பெருக்கினான், வந்தவற்றைக் கூட்டினான். நிரையையும் நிரலையும் பெருக்குவது என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

முதல் அணியில் கிடையாகவும் இரண்டாவதில் செங்குத்தாகவும் போகவேண்டியதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. உடுப்புகளின் பெயர்ப் பட்டியல் A-யில் தலைப்பில் கிடையாகக் கிடக்கிறது. B-யில் அதே பட்டியல் ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது. ஒரே பட்டியலை இரண்டு இடத்திலும் ஒருசேர வாசித்துக்கொண்டு போவதற்கு அப்படித்தான் நடக்கமுடியும்.

இப்போது அளவு பொருந்துவதைப் பார்ப்போம். A-யில் மூன்று நிரல்கள் இருப்பது மூன்று உடுப்புகள் இருப்பதால். B-யில் மூன்று நிரைகள் இருப்பதும் அதே மூன்று உடுப்புகளால். உள்ளே நிற்கும் இரண்டு மூன்றும் தற்செயலாக ஒத்துப்போகவில்லை; இரண்டும் ஒரே பட்டியலின் நீளம். B-யில் கோட்டுக்கான நிரையை எழுத மறந்துவிட்டால் அது 2×2 ஆகிவிடும். அப்போது முதல் கல்லூரியின் கணக்கைத் தொடங்கினால் சட்டைக்கு 40, பேண்டுக்கு 15 வரை வந்து, 10 கோட்டில் நின்றுவிடுவோம். பெருக்க ஒரு 10 இருக்கிறது. அதற்குச் சோடி இல்லை. கோட்டுக்கு எத்தனை மீட்டர் என்று யாரும் சொல்லவில்லை. பெருக்கல் வரையறுக்கப்படவில்லை என்ற கனமான வாக்கியத்துக்கு இவ்வளவுதான் பொருள். தெரியாத ஒன்றைக் கூட்டச் சொல்கிறார்கள், கூட்ட முடியவில்லை.

மறுபக்கமும் அப்படியே. B-யில் கையுறைக்கு என்று நான்காவதாக ஒரு நிரை சேர்ந்துவிட்டால், கையுறைக்கு வேண்டிய துணி தெரியும். ஆனால் எந்தக் கல்லூரி எத்தனை கையுறை கேட்டது என்பது தெரியாது. யாரும் கேட்கவில்லை என்பது உறுதியானால் A-யில் ஒரு நிரலைச் சேர்த்து இரண்டு இடத்திலும் 0 எழுதலாம். அப்போது A 2×4, B 4×2, பெருக்கல் நடக்கும். கேட்டார்களா இல்லையா என்பதே தெரியாதபோது 0 எழுதுவது வேறு விஷயம். அளவு பொருந்தவில்லை என்ற உடனே சுழியங்களைப் போட்டு நிரப்பிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தெரியாததையும் இல்லாததையும் ஒன்றாக்கும் வேலை அது.

விடையில் உடுப்புகள் எங்கே போயின? 85 என்ற எண்ணில் சட்டையும் இல்லை, பேண்டும் இல்லை. முதல் கல்லூரி, துணி என்ற இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கல்லூரி–உடுப்பு, உடுப்பு–பொருள் என்று இரண்டு அட்டவணைகள். நடுவில் இருந்த உடுப்பு, கூட்டலில் கரைந்துவிட்டது. கையில் நிற்பது கல்லூரி–பொருள். 2×3, 3×2 என்பதில் உள்ளே இருக்கும் மூன்றுகள் காணாமல் போய், வெளியே இருக்கும் இரண்டும் இரண்டும் விடையின் வரிசையாவது இதனால்தான். பயிற்சித்தாளின் ஓரத்தில் 2×3, 3×2 என்று எழுதுவதற்குப் பதிலாக, கல்லூரி×உடுப்பு, உடுப்பு×பொருள் என்று பெயர்களை எழுதப் பழக்கினால் போதும். எது சேரும், எது சேராது, விடை எதைப் பற்றியது என்ற மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் கிடைக்கிறது.

இனி, எந்தப் பெருக்குத்தொகை எந்தக் கட்டத்தில் போய் உட்காரவேண்டும் என்ற விவகாரம். பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். பெருக்கல் தெரியும், கூட்டல் தெரியும். ஆனால் நான்கு கட்டங்களை நிரப்புவதற்குள் பன்னிரண்டு பெருக்கல்கள் வந்துவிடுகின்றன. கண் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு வழுக்கிவிடும்.

விடையின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு எண்களாலான முகவரி உண்டு. c₁₂ என்றால் முதல் நிரை, இரண்டாம் நிரல். இதில் 1 என்பது A-யிடமிருந்து வந்தது, 2 என்பது B-யிடமிருந்து வந்தது. எனவே c₁₂ வேண்டுமானால் A-யில் முதல் நிரையையும் B-யில் இரண்டாம் நிரலையும் தவிர வேறெதையும் பார்க்கவேண்டாம். முழுதாக எழுதினால் இப்படி:

```
c₁₂ = a₁₁·b₁₂ + a₁₂·b₂₂ + a₁₃·b₃₂
    = 20·7 + 15·1 + 10·4
    = 140 + 15 + 40 = 195
```

கீழே ஓடும் சிறு எண்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சோடியிலும் தொடக்கத்தில் 1 நிற்கிறது, கடைசியில் 2 நிற்கிறது, அவை அசைவதில்லை. நடுவில் ஒட்டி நிற்கும் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன: 1,1, பிறகு 2,2, பிறகு 3,3. நடுவில் நிற்பது உடுப்பின் எண். சட்டையைச் சட்டையோடுதான் சேர்த்தேன், பேண்டைப் பேண்டோடுதான் சேர்த்தேன் என்பதற்கு அதுவே சான்று. நடுவில் 2,3 என்று எங்காவது வந்துவிட்டால், பேண்டின் எண்ணிக்கையைக் கோட்டின் பட்டனோடு பெருக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்க முடியாது. கண் வழுக்காமலிருக்க எளிமையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த சிகுர்ட் ஃபால்க் 1951-இல் வெளியிட்டது. அந்நாட்டில் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதற்குப் பதிலாக, A-யைக் கீழே இடதுபக்கமும் B-யை மேலே வலதுபக்கமும் எழுதவேண்டும். கீழே வலது மூலை காலியாக இருக்கும். விடைக்கு உரிய இடம் அது.

```
              2    7
              1    1
              3    4

20  15  10   85  195
25  40   5  105  235
```

235 இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அதிலிருந்து இடப்பக்கம் நேராகப் போனால் 25, 40, 5. மேலே நேராகப் போனால் 7, 1, 4. அந்தக் கட்டத்துக்கு வேண்டியவை இவை மட்டுமே: 175, 40, 20, கூட்டினால் 235. எந்த நிரை, எந்த நிரல் என்று மனத்தில் வைத்திருக்க வேண்டியதே இல்லை. கட்டத்தின் இடமே சொல்லிவிடுகிறது. விடை எத்தனை நிரை எத்தனை நிரல் என்பதையும் கணக்குப் போடவேண்டாம். காலி மூலையின் வடிவம்தான் விடையின் வடிவம். A-யின் அகலமும் B-யின் உயரமும் ஒன்றாக இல்லாவிட்டால் அதுவும் எழுதும்போதே கண்ணில் படும். சிறு அணிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நம் பயிற்சித்தாள்களை அச்சிடுகிறவர்கள் ஏன் இன்னும் இரண்டு அணிகளையும் ஒரே வரியில் நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. தாள் மிச்சமாகும் என்று நினைக்கலாம்.

விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது? முழுக் கணக்கையும் மறுபடி போடுவது ஒரு வழி. ஆனால் முதல் முறை வழுக்கிய இடத்திலேயே இரண்டாம் முறையும் வழுக்கும் ஆபத்து உண்டு. வேறு பாதையில் போய் அதே ஊரை அடைவதுதான் நம்பத்தக்க சோதனை. இரண்டு கல்லூரிகளுக்கும் சேர்த்து எத்தனை உடுப்பு? A-யின் நிரல்களைக் கூட்டினால் 45 சட்டை, 55 பேண்ட், 15 கோட். இந்த மொத்தத்துக்கு வேண்டிய துணி 90 + 55 + 45 = 190 மீட்டர். விடையின் முதல் நிரலில் இருக்கும் 85-ஐயும் 105-ஐயும் கூட்டினாலும் 190. பட்டனுக்கும் அப்படியே: 315 + 55 + 60 = 430; விடையில் 195 + 235 = 430. தனித்தனியாக வாங்கினாலும் மொத்தமாக வாங்கினாலும் தேவை ஒன்றுதான் என்ற சாதாரண உண்மை இது.

நிரைகளுக்கும் ஒரு சோதனை உண்டு. B-யின் ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் 9, 2, 7. முதல் கல்லூரியின் நிரையோடு இதைப் பெருக்கினால் 180 + 30 + 70 = 280; விடையின் முதல் நிரை 85 + 195, அதுவும் 280. இரண்டாவது நிரைக்கு 225 + 80 + 35 = 340; விடையில் 105 + 235. மீட்டரையும் பட்டனையும் கூட்டுவது அபத்தம்தான், 9 என்ற எண்ணுக்குக் கடையில் எந்தப் பொருளும் இல்லை. இருந்தாலும் எண்கணிதத்துக்கு அது தெரியாது. சோதனை வேலை செய்யும்.

இரண்டு சோதனைகளையும் ஏன் போடவேண்டும் என்பதை ஒரு தப்பு விடையை வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு மாணவி c₁₂-வுக்கு 180 என்று எழுதிவிட்டாள் என்போம். பட்டன் நிரலின் கூட்டுத்தொகை 430-க்குப் பதில் 415 வரும், 15 குறைகிறது. துணி நிரலில் குறையில்லை. முதல் நிரையின் கூட்டுத்தொகை 280-க்குப் பதில் 265. அங்கேயும் 15 குறைகிறது. இரண்டாம் நிரை சரி. அப்படியானால் தப்பு முதல் நிரையும் இரண்டாம் நிரலும் வெட்டும் கட்டத்தில் இருக்கிறது. மற்ற மூன்று கட்டங்களைத் தொடவே வேண்டாம். அதற்கும் மேலே ஒரு துப்பு கிடைக்கிறது. அந்தக் கட்டத்தின் மூன்று பெருக்குத்தொகைகள் 140, 15, 40. குறைவதும் 15. நடுவில் இருக்கும் பேண்டின் பட்டன்களைக் கூட்ட மறந்திருக்கிறாள். 1-ஆல் பெருக்கும் இடத்தைக் கண் தாண்டிவிடுவது மிகச் சாதாரணம். பெருக்க ஒன்றுமில்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

இவ்வளவு தூரம் வந்தபின் BA-வைப் பார்க்கலாம். B 3×2, A 2×3. உள்ளே இரண்டும் இரண்டும் பொருந்துகின்றன. பயிற்சித்தாளின் விதிப்படி பெருக்கலாம், 3×3 அணி ஒன்று கிடைக்கும். முதல் கட்டத்தில் 2×20 + 7×25 = 215 வரும். கணக்கில் தப்பில்லை. ஆனால் 215 என்பது என்ன? ஒரு சட்டைக்கான துணியின் மீட்டரை முதல் கல்லூரியின் சட்டைகளோடு பெருக்கி, ஒரு சட்டைக்கான பட்டனை இரண்டாவது கல்லூரியின் சட்டைகளோடு பெருக்கி, இரண்டையும் கூட்டியிருக்கிறோம். இந்த எண்ணைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். B-யின் இரண்டு நிரல்கள் துணியும் பட்டனும். A-யின் இரண்டு நிரைகள் இரண்டு கல்லூரிகள். இரண்டு என்ற எண் மட்டும் தற்செயலாகப் பொருந்தியது, பட்டியல்கள் வேறு. வரிசையை மாற்றிப் பெருக்கினால் விடை மாறும் என்று பாடத்தில் ஒரு வரி வரும். மாறுவது விடை மட்டுமல்ல, கேள்வியே மாறிவிடுகிறது; சில சமயம் கேள்வி இல்லாமலே போய்விடுகிறது.

பெருக்கலை இப்படிச் சுற்றிவளைத்து வைத்தது யார் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. கூட்டலைப் போல இருக்கும் இடத்திலேயே, உறுப்போடு உறுப்பைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கலாமே? 1858-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அணிகளைப் பற்றி ஆர்தர் கேலி எழுதிய நீண்ட கட்டுரைதான் இந்தப் பெருக்கலை ஒரு முழு இயற்கணிதமாக நிறுத்தியது. அப்போது அவர் பேராசிரியர் அல்லர். லண்டனில் வழக்கறிஞர் தொழில் பார்த்துக்கொண்டே கணிதக் கட்டுரைகளை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் பதவி கிடைத்தது 1863-இல்தான். அவர் இந்த விதியை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரவில்லை. ஒரு சமன்பாட்டுத் தொகுதிக்குள் இன்னொன்றைப் பிரதியிடும் வேலையைக் கணித அறிஞர்கள் அதற்கு முன்பே பல காலமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையில் குணகங்கள் எப்படி ஒன்றுசேர்கின்றன என்று கவனித்தால் விதி அங்கேயே கிடக்கிறது.

நம் கடைக் கணக்கிலேயே செய்து பார்க்கலாம். துணி = 2×சட்டை + 1×பேண்ட் + 3×கோட். முதல் கல்லூரி இதே ஆர்டரை u முறையும், இரண்டாவது கல்லூரி v முறையும் கொடுக்கின்றன என்போம். அப்போது சட்டை = 20u + 25v; பேண்ட் = 15u + 40v; கோட் = 10u + 5v. இவற்றைத் துணியின் சமன்பாட்டில் பிரதியிட்டால்:

```
2(20u + 25v) + 1(15u + 40v) + 3(10u + 5v)
= (40 + 15 + 30)u + (50 + 40 + 15)v
= 85u + 105v
```

85, 105. விடையின் முதல் நிரல் அப்படியே வந்து நிற்கிறது. அடைப்பைப் பிரித்து, u-வோடு வருபவற்றை ஒன்றாகவும் v-யோடு வருபவற்றை ஒன்றாகவும் சேர்த்ததைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை. உறுப்போடு உறுப்பைப் பெருக்கும் முறையும் கணிதத்தில் உண்டு, அதற்கும் சில இடங்களில் பயன் உண்டு. ஆனால் பிரதியிடும்போது அது வருவதில்லை, வருவது இதுதான்.

இன்னும் ஒரு படி போகலாம். துணியும் பட்டனும் இரண்டு கடைகளில் விலை கேட்டாயிற்று. முதல் கடையில் துணி மீட்டர் 120 ரூபாய், பட்டன் 2 ரூபாய். இரண்டாவது கடையில் துணி 110, பட்டன் 3. பொருளுக்கு ஒரு நிரை, கடைக்கு ஒரு நிரல். இந்த 2×2 அணி D. கல்லூரி×பொருள் நம் கையில் இருக்கிறது, இது பொருள்×கடை. நடுவில் பொருள் கரைந்து கல்லூரி×கடை கிடைக்கும். முதல் கல்லூரிக்கு முதல் கடையில் 85×120 + 195×2 = 10,590 ரூபாய்; இரண்டாவது கடையில் 85×110 + 195×3 = 9,935 ரூபாய். பட்டன் விலை கூடினாலும் இரண்டாவது கடைதான் மலிவு.

இதையே மறுமுனையிலிருந்தும் தொடங்கலாம். முதலில் B-யையும் D-யையும் பெருக்கி, ஒரு சட்டைக்கு என்ன செலவு, ஒரு பேண்டுக்கு என்ன செலவு என்று கண்டுபிடிப்பது. முதல் கடை விலையில் சட்டைக்கு 2×120 + 7×2 = 254 ரூபாய், பேண்டுக்கு 122, கோட்டுக்கு 368. பிறகு 20, 15, 10 ஆர்டரோடு பெருக்கினால் 5,080 + 1,830 + 3,680, அதே 10,590. A, B, D நிற்கும் வரிசையை மாற்றக்கூடாது. எந்த இரண்டை முதலில் பெருக்குகிறோம் என்பது நம் விருப்பம்.

இந்த மூன்றாவது அணியில்தான் மிக மோசமான பிழை ஒளிந்திருக்கிறது. விலைப்பட்டியலை எழுதியவர் பட்டனை மேலேயும் துணியைக் கீழேயும் எழுதிவிட்டார் என்போம். D இப்போதும் 2×2. அளவு பொருந்துகிறது, பெருக்கல் நடக்கிறது. முதல் கல்லூரிக்கு முதல் கடையில் 85×2 + 195×120 = 23,570 ரூபாய் என்று விடை வரும். நாற்பத்தைந்து உடுப்புகளுக்குப் பொருள் செலவு 23,570 என்றால் உடுப்பு ஒன்றுக்கு 520 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, பணம் கட்டிவிடுவார்கள். நிரல் சோதனையைப் போட்டுப் பாருங்கள், அதுவும் சரி என்றே சொல்லும், ஏனென்றால் அது பார்ப்பது எண்கணிதத்தை மட்டும்தான். பட்டனுக்கு 120 ரூபாய் கொடுத்திருக்கிறோம், துணியை மீட்டர் 2 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம் என்பது தாளில் எங்கேயும் தெரியாது, நிரைகளின் ஓரத்தில் துணி, பட்டன் என்று எழுதி வைத்திருந்தால் தவிர.

கணினியில் போட்டாலும் நிலைமை இதேதான். எக்செல் தாளில் அணிப் பெருக்கலுக்கு `MMULT` என்ற கட்டளை இருக்கிறது. முதல் அணியின் நிரல் எண்ணிக்கையும் இரண்டாவதன் நிரை எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் அது `#VALUE!` என்று காட்டி நின்றுவிடும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அதையேதான் சொல்லும்; கோட் வேண்டாம் என்று சொன்ன கல்லூரிக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதியாகவேண்டும். இவ்வளவு கறாரான கட்டளை, பட்டனும் துணியும் இடம் மாறிய விலைப்பட்டியலைக் கொடுத்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் 23,570-ஐக் கொடுத்துவிடும். பைத்தானில் 2×2 அணிகளுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. நம்பை நூலகத்தில் `A * B` என்று எழுதினால் அது உறுப்போடு உறுப்பைப் பெருக்கும். நிரையையும் நிரலையும் பெருக்க `A @ B` என்று எழுதவேண்டும். 2×3, 3×2 என்றால் `*` பிழை காட்டி நின்றுவிடும், நாமும் விழித்துக்கொள்வோம். இரண்டும் 2×2 ஆக இருந்தால் இரண்டு குறிகளும் ஓசையில்லாமல் ஆளுக்கொரு விடை தரும்.

ஆகையால் பயிற்சித்தாளைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. 2×2 கணக்குகளைக் குறைத்துவிட்டு, 2×3, 3×4 என்று எல்லா எண்களும் வேறுபடும் அணிகளைக் கொடுங்கள். சதுர அணியில் நிரையை நிரையோடு பெருக்கினாலும் விடை வரும், நிரலை நிரலோடு பெருக்கினாலும் விடை வரும், A-யையும் B-யையும் மாற்றிப் போட்டாலும் விடை வரும். தப்பு செய்த பிள்ளைக்குத் தப்பு என்றே தெரியாது. 2×3-ஐயும் 3×4-ஐயும் கொடுத்தால் இந்த மூன்றில் எதைச் செய்தாலும் நடுவழியில் ஓர் எண் சோடியில்லாமல் மிஞ்சும். மிஞ்சிய எண்ணைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையே பென்சிலை வைத்துவிட்டு மேலே பார்க்கும்.